எழுத்து 53, கணக்கு 82: ஒரகடம் பஸ் வராத கதை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பெல்ட்டில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் யாரிடமாவது பேசினால் ஒரே புகார்தான் வரும்: "தமிழ் டபுள் இடம் எடுக்குது சார்." இந்தப் புகாரில் பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியை வைத்துத்தான் பல இடங்களில் முடிவெடுக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

இரண்டு ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரகடம் என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து: ஒ, ர, க, ட, ம். கணினி அதை ஆறாக எண்ணுகிறது. ஒன்றுதான் கூடுதல். இப்போது ஸ்ரீபெரும்புதூர். கண்ணுக்கு ஏழு (ஸ்ரீ என்பதை ஒன்றாகப் பார்த்தால்), கணினிக்குப் பதினாறு. இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆக "தமிழ் டபுள்" என்று ஒரு சூத்திரம் கிடையாது, எந்தச் சொல் என்பதைப் பொறுத்தது.

காரணம் யூனிகோடில் தமிழ் அமைந்திருக்கும் விதம். தமிழுக்கு அங்கே ஒதுக்கியது 128 இடம். நம்மிடம் இருப்பது 247 எழுத்து. உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் தரவில்லை. அகரம் ஏறிய க, ச, ட மாதிரி எழுத்துகளுக்கு ஓர் இடம், பிறகு கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம். 'பெ' என்றால் ப என்ற குறி, அதற்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் பின்னால்தான் வரும்.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது புள்ளி. இலக்கணப்படி மெய்தான் அடிப்படை, ம் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் ம. மெய்க்கு அரை மாத்திரை, ம-வுக்கு ஒரு மாத்திரை. யூனிகோடில் தலைகீழ்: ம அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால் ம். அரை மாத்திரைக்கு இரண்டு இடம், ஒரு மாத்திரைக்கு ஓர் இடம்! இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களில் மெய்யெழுத்து கொட்டிக்கிடக்கிறது. சுங்குவார்சத்திரம் கண்ணுக்குப் பத்து, கணக்கில் 18. இருங்காட்டுக்கோட்டை கண்ணுக்குப் பத்து, கணக்கில் 19.

சரி, இது எங்கே உதைக்கிறது? எஸ்.எம்.எஸ்ஸில். ஒரு எஸ்.எம்.எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 7 பிட் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் எழுத்து ஒன்று உள்ளே வந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட் முறைக்கு மாறும், அப்போது 70 குறிதான். ஆங்கிலச் செய்தியில் ஊர்ப் பெயரை மட்டும் தமிழில் போட்டாலும் இதே கதி. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுகளை ஒட்டுவதற்கான தலைப்புக் குறிப்பு 6 பைட் எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு துண்டிலும் 67 குறி. (தமிழுக்கென்று 7 பிட் அட்டவணை ஒன்று எஸ்.எம்.எஸ் தரநிலையில் உண்டு. அனுப்பும் சேவை, நெட்வொர்க், கைபேசி மூன்றும் ஒத்துழைத்தால்தான் அதனால் பயன்.)

நானே எழுதிப் பார்த்த ஒரு வாக்கியம் இது. ஷிப்ட் பஸ்ஸை நம்பி இருக்கும் தொழிலாளிக்குப் போகிற அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"நாளை காலை 6 மணி ஷிப்டுக்கு சுங்குவார்சத்திரம் வழியாக வரும் பஸ் ஒரகடத்துக்கு வராது."

இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துக் கையால் எண்ணினால் 53. "70-க்குள்ளே இருக்கே, தாராளம்" என்று தோன்றும். கணினி எண்ணினால் 82. இரண்டு துண்டு, இரண்டு செய்திக்கான காசு. அது பரவாயில்லை. மோசமானது, அனுப்பும் மென்பொருளில் "ஒரே செய்தி போதும்" என்று அமைத்து, மிச்சத்தை 70-இல் வெட்டிவிட்டால்? போய்ச் சேர்வது இது:

"நாளை காலை 6 மணி ஷிப்டுக்கு சுங்குவார்சத்திரம் வழியாக வரும் பஸ் ஒரகடத்த"

'வராது' போய்விட்டது. 'வரும் பஸ்' இருக்கிறது. அவசரத்தில் படிக்கிறவர் பஸ் ஒரகடம் வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார், விடியற்காலையில் போய் நிறுத்தத்தில் நிற்பார். ஷிப்ட் போனால் அன்றைய கூலி போச்சு. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்துவிடும், வால் அறுந்தாலும் விஷயம் தப்பிக்கும். தமிழில் வினை கடைசியில், மறுப்பு அந்த வினைக்குள்ளே. வராது, வேண்டாம், இல்லை, கிடையாது எல்லாமே வாலில் இருக்கும் சமாசாரம். வெட்டு விழுவதும் வாலில்தான். வரம்பு மீறல் வெறும் காசுப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்வது இதனால்.

இங்கேதான் என் விமர்சனம். பல அனுப்பும் பலகைகளில் கீழே 'எழுத்துகள்' என்று ஓர் எண் ஓடும். எதை எண்ணுகிறது என்று சொல்வதே இல்லை. ஒரே வாக்கியத்துக்கு 53 என்பதும் உண்மை, 82 என்பதும் உண்மை, யூ.டி.எஃப்-8 பைட்டில் எண்ணினால் 222 என்பதும் உண்மை. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் பயன்படுத்துகிறவர் என்ன செய்வார்? விளைவு, "தமிழ் ஒத்துவராது" என்று முடிவுகட்டி, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். 160 கிடைக்கிறதே! அதைப் படிக்கத் திணறுகிறவர்தான் பல நேரம் அந்தச் செய்தி யாருக்குப் போகிறதோ அவர்.

இன்னொரு கட்சி, யூனிகோடே தப்பு, 'டேஸ்16' வந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்பார்கள். தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த குறியேற்றம் அது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி. அதன்படி நம் வாக்கியம் ஒரே செய்தியில் அடங்கியிருக்கும், வாதம் சரிதான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். தொழிலாளியின் கைபேசியில் என்ன எழுத்துரு இருக்கிறது என்பதை அனுப்புகிறவர் தீர்மானிக்க முடியாது. ஆகவே இருப்பதை வைத்துத் திட்டமிடுவதுதான் வழி.

முதல் வேலை, கண்ணால் எண்ணுவதை நிறுத்துவது. பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", "ஸ்ரீபெரும்புதூர்")
print(len(s), len(s.encode("utf-8")))   # 16 48
```

முதல் எண் எஸ்.எம்.எஸ்ஸுக்கு. இரண்டாவது எண், புலத்தின் அகலத்தைப் பைட்டில் அளக்கும் தரவுத்தளத்துக்கு. ஊர்ப் பெயருக்கு 40 பைட் ஒதுக்கியிருந்தால் 48 பைட்டுள்ள ஸ்ரீபெரும்புதூர் அதில் நுழையாது. முரட்டுத்தனமாக வெட்டினால் 'ஸ்ரீபெரும்புத' வரை வந்து, மிச்சம் ஒரு பைட் உடைந்து கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். அப்படிக் கட்டம் தெரிந்தால் பைட்டில் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டம் இல்லாமல் புள்ளியோ கொம்போ மட்டும் காணாமல் போயிருந்தால், குறியில் வெட்டியிருக்கலாம்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சொல் இடைவெளியில் வெட்டலாம். என் கேட்டால் அறிவிப்புச் செய்தியைத் தானாக வெட்டவே கூடாது. நீளம் மீறினால் அனுப்ப மறுத்து, எழுதியவரிடமே திருப்பித் தர வேண்டும்.

எழுதும்போதே செய்யக்கூடியது, வாக்கியத்தைத் திருப்புவது. மறுப்பை முன்னால் கொண்டுவந்து அங்கேயே முடித்துவிடலாம்:

"நாளை காலை 6 மணி பஸ் ஒரகடம் வராது. சுங்குவார்சத்திரம் வழித்தடம் மட்டும்."

'வராது' 32-ஆவது குறியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எங்கே வெட்டினாலும் முக்கியமான சேதி தப்பித்தது. 'ஷிப்டுக்கு' போனதில் இடைவெளியோடு 11 குறி மிச்சம். 6 மணி என்றாலே எந்த ஷிப்ட் என்று எல்லாருக்கும் தெரியும். 'ஒரகடத்துக்கு' என்பதை 'ஒரகடம்' ஆக்கியதில் இன்னும் 6. வேற்றுமை உருபு ஏறும்போது வரும் த்து, க்கு எல்லாம் எழுத்துக்கு இரண்டு இரண்டாகத் தின்பவை. மொத்தம் எண்ணிப் பாருங்கள்: 71. ஒன்று கூடுதல்! கடைசி முற்றுப்புள்ளியை எடுத்தால் மிகச்சரியாக 70. அந்த ஒரு புள்ளிக்கு இன்னொரு செய்திக்கான காசு கொடுக்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

பொதுவாக, கையால் எண்ணி வருவதை 1.6-ஆல் பெருக்கிக்கொள்வது சுமாரான மதிப்பீடு. மேலே உள்ள 53-க்கு 82 வந்ததும் அந்த அளவுதான். ஒரே செய்தியில் முடிக்க நினைத்தால் 43, 44 எழுத்துக்கு மேல் போகாமல் எழுதலாம். ஊர்ப் பெயர் மாறி மாறி நிரப்பப்படும் அச்சு என்றால், ஒரகடத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். அது சமர்த்துப் பிள்ளை. இருங்காட்டுக்கோட்டையை வைத்துச் சோதியுங்கள்.

கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 'கோ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். க-வோடு ஓகாரக் குறி (`U+0BCB`) ஒன்றே வந்தால் இரண்டு குறி. இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக (`U+0BC7`, `U+0BBE`) வந்தால் மூன்று. திரையில் அச்சு அசல் ஒன்றே. மேலே நிரலில் `NFC` என்று போட்டது இவற்றை ஒன்றாக்கத்தான். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் அடித்திருந்தால் அது சரிசெய்யாது, அதைப் பொறுத்தவரை அவை வேறு வேறு எழுத்து. அதே மாதிரிதான் ஸ்ரீயும். ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶ-வில் (`U+0BB6`) தொடங்கும் ஶ்ரீ ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். நீளமும் ஒன்றே, நான்கு குறி. ஆனால் தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. பஸ் பட்டியலில் ஸ்ரீபெரும்புதூர் இரண்டு முறை வந்து, ஆட்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு குறியைத்தான்.