குறுவாள் எங்கே?

ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள் என்றதும் ‘ராஷோமோன்’ என்று சொல்லிவிடுகிறோம். அகிரா குரோசாவாவின் அந்தப் படம் 1950-இல் வந்தது. மறு ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. அன்றிலிருந்து அதன் பெயரே ஒரு கருத்தின் பெயராகிவிட்டது. அந்தக் கருத்தைப் பலர் இப்படிச் சுருக்குகிறார்கள்: உண்மை என்று ஒன்று இல்லை, அவரவர்க்கு அவரவர் உண்மை. படத்தைப் பல முறை பார்த்தவன் என்ற முறையில் இந்தச் சுருக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. படம் அப்படிச் சொல்லவில்லை. அதற்கு நேர் எதிரான சாட்சியம் படத்துக்குள்ளேயே கிடக்கிறது.

கதை எளியது. காட்டுவழியே ஒரு சாமுராய் தன் மனைவியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். தஜோமாரு என்ற கொள்ளைக்காரன் அவனை ஏமாற்றிக் கட்டிப்போட்டு, அவன் கண்ணெதிரே மனைவியைச் சூறையாடுகிறான். பிறகு சாமுராய் பிணமாகக் கிடக்கிறான். கொன்றது யார்? நீதிமன்ற முற்றத்தில் ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள். நீதிபதியை நமக்குக் காட்டுவதே இல்லை, அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் கேமராவை நோக்கி உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்திருப்பது நாம்தான்.

கொள்ளைக்காரன் சொல்கிறான்: நானே கொன்றேன், கட்டை அவிழ்த்துவிட்டு நேருக்கு நேர் மோதிக் கொன்றேன், என்னோடு 23 முறை வாள் மோதியவன் அவன் ஒருவன்தான். மனைவி சொல்கிறாள்: என் மானம் போன பிறகு கணவர் என்னை வெறுப்போடு பார்த்தார், அந்தப் பார்வை தாங்காமல் கையில் குறுவாளோடு மயங்கிவிழுந்தேன், விழித்தபோது அது அவர் மார்பில் இருந்தது. இறந்தவனோ ஆவியாக ஒரு பெண்மேல் ஏறி, ஆண்குரலில் பேசுகிறான்: என்னைக் கொன்றுவிடும்படி மனைவியே கொள்ளைக்காரனிடம் சொன்னாள், அதைக் கேட்டு அவனே அருவருத்தான், நான் என் கையாலேயே குறுவாளைப் பாய்ச்சிக்கொண்டேன்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பொய் சொல்கிறவன் வழக்கமாக எதற்குப் பொய் சொல்வான்? தப்பிப்பதற்கு. பழியை அடுத்தவன் தலையில் கட்டுவதற்கு. இந்த மூவரும் பழியைத் தங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கொன்றது நான்தான் என்று மூன்று பேரும் சொல்லும் கொலைவழக்கு இது. எனவே இவர்கள் காப்பாற்ற நினைப்பது உயிரை அல்ல, தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் சித்திரத்தை. கொள்ளைக்காரனுக்கு வீரம், மனைவிக்கு நிராதரவு, சாமுராய்க்கு மானம். படப்பிடிப்புக்கு முன் மூன்று உதவி இயக்குநர்கள் வந்து திரைக்கதை புரியவில்லை என்றபோது, மனிதர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது தங்களிடமே நேர்மையாக இருப்பதில்லை, அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்ற பொருளில் விளக்கியதாகக் குரோசாவா தன் சுயசரிதையில் சொல்கிறார். உண்மை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை நாம் அலங்கரித்துவிடுகிறோம் என்றுதான் சொன்னார்.

நம் ‘அந்த நாள்’ படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் தயாரித்த படம். பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று பெயர்பெற்றது. ராஷோமோனின் சாயல் என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943-இல் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக்கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபிமேல் சந்தேகப்படுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவைச் சொல்கிறான். ஹேமா, ராஜனின் காதலி அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜம் திரும்பச் சின்னையா பிள்ளையையே காட்டுகிறாள். விரல் ஒரு வட்டம் சுற்றி முதல் ஆளிடமே வந்து நிற்கிறது. இங்கே ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுகிறார்கள். ராஷோமோனில் ஒவ்வொருவரும் தன்னையே சுட்டுகிறார்கள். வடிவம் ஒன்று, உள்ளே இருக்கும் மனித சுபாவம் வேறு. பாலசந்தர் கடைசியில் கொலையாளி யார் என்பதையும் சொல்லிவிடுகிறார். அது துப்பறியும் படத்தின் நேர்மை, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதை ராஷோமோனின் தமிழ் வடிவம் என்று சொல்வது இரண்டு படங்களுக்கும் அநீதி.

சரி, ராஷோமோனில் நான்காவது ஆள் யார்? விறகுவெட்டி. இவனை இப்போது பார்க்க வேண்டும்.

இந்தப் படத்துக்கு மூலம் ரியூனோசுகே அகுதாகாவா 1922-இல் எழுதிய ‘தோப்புக்குள்’ என்ற பொருள்படும் சிறுகதை. அதில் ஏழு வாக்குமூலங்கள் அடுத்தடுத்து வரும், அவ்வளவுதான். யாரும் அவற்றை ஒப்பிட்டுப் பேசமாட்டார்கள். விறகுவெட்டி அங்கே பிணத்தைக் கண்டவன் மட்டுமே. ஷினோபு ஹஷிமோதோ இந்தக் கதையைத் திரைக்கதையாக்கினார். அது படத்துக்குப் போதாத அளவு சிறியதாக இருந்ததால் குரோசாவா அதை விரித்தார். 1915-இல் அகுதாகாவா எழுதிய வேறொரு கதையிலிருந்து பாழடைந்த ராஷோமோன் வாயிலை எடுத்துக்கொண்டார். கொட்டும் மழையில் அங்கே ஒதுங்கிய விறகுவெட்டி, ஒரு துறவி, ஒரு வழிப்போக்கன் என மூன்று பேர் இந்த வழக்கைப் பற்றிப் பேசுவதாக அமைத்தார். விறகுவெட்டிக்கு இரண்டாவதாக ஒரு வாக்குமூலமும் தந்தார். அவன் சொல்வது: நான் எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு ஆண்களுக்கும் சண்டைபோட விருப்பமே இல்லை. அந்தப் பெண் இருவரையும் எள்ளி நகைத்து மூட்டிவிட்டாள். கைநடுங்க, தடுமாறிவிழுந்து, மூச்சுவாங்கிச் சண்டைபோட்டார்கள். கொள்ளைக்காரன் வாளால் குத்திக் கொன்றான்.

பெரும்பாலான பார்வையாளர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். காரணம் இரண்டு. கடைசியில் வருவது உண்மையாக இருக்கும் என்பது நம் பழக்கம். ‘விருமாண்டி’யிலும் முதலில் கொத்தாளத்தேவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, பின்னால் வரும் விருமாண்டியின் கதையைத்தான் நம்புகிறோம், படமும் அதையே விரும்புகிறது. இன்னொரு காரணம், விறகுவெட்டி சொல்வது அசிங்கமாக இருக்கிறது. அசிங்கமானது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் விறகுவெட்டியைக் குறுக்கு விசாரணை செய்து பாருங்கள். நீதிமன்றத்தில் அவன் பிணத்தைத்தான் கண்டேன் என்றான். வாயிலில், எல்லாம் பார்த்தேன் என்கிறான். ஆக, நீதிமன்றத்தில் சொன்னது பொய் என்று அவனே ஒப்புக்கொண்டாயிற்று. மற்ற மூவர் சொன்னதையும் முற்றத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் தன் கதையைச் சொல்கிறான். ஒரு சாட்சி சொல்லும்போது அடுத்த சாட்சியை வெளியே நிறுத்துவது எதற்கென்று நம் ஊர்க் கோர்ட்டுக்கு ஒரு முறை போனவருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய அந்த முரட்டு வழிப்போக்கன் அதைக் கேட்டுவிடுகிறான்: முத்துப் பதித்த அந்தக் குறுவாள் எங்கே போயிற்று?

விறகுவெட்டி வாயடைத்துப்போகிறான். எடுத்தவன் அவன்தான்.

இப்போது திரும்பிப் பாருங்கள். இறந்தவன் தன் வாக்குமூலத்தின் முடிவில், யாரோ வந்து என் மார்பிலிருந்து குறுவாளைப் பிடுங்கினார்கள் என்கிறான். அதைச் சொல்லி முடித்ததும், பொய், அங்கே குறுவாளே இல்லை, வாளால்தான் கொன்றான் என்று பதறியவன் விறகுவெட்டி. ஏன் அந்தப் பதற்றம் என்று இப்போது புரிகிறது. சாவு குறுவாளால் நேர்ந்தது என்றால், அதைப் பிணத்திலிருந்து பிடுங்கியவன் இவன் என்றாகிவிடும். வாளால் நேர்ந்தது என்றால் கீழே கிடந்த பொருளை எடுத்த சில்லறைத் திருட்டோடு போய்விடும். மற்ற எதில் இவனை நம்பினாலும், கொலைக்கருவி எது என்ற ஒரே விஷயத்தில் இவனை நம்ப முடியாது. அது இல்லாமல் கொலையாளியைச் சொல்லவும் முடியாது. படம் இவ்வளவு துல்லியமாகத்தான் பூட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஒன்றுமே தெரியாதா? அப்படியில்லை. சாட்சி ஒன்றில் பொய் சொன்னால் எல்லாமே பொய் என்ற விதி இந்தியாவில் செல்லாது என்று 1957-இல் நிசார் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதரைப் புடைத்துவிட்டு நெல்லை எடுப்பதுதான் நீதிபதியின் வேலை. அந்த வேலையை இங்கே செய்தால் கையில் நெல் தங்கவே செய்கிறது. சாமுராய் ஏமாற்றப்பட்டுக் கட்டப்பட்டான். அவன் செத்தான். குறுவாளை விறகுவெட்டி எடுத்தான். கணவன் கண்ணெதிரே அந்தப் பெண் வன்முறைக்கு ஆளானாள். கடைசியில் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. கொள்ளைக்காரனே ஒப்புக்கொள்கிறான். அவள் முடிவில் இணங்கிவிட்டாள் என்று அவன் மட்டும் ஒட்டவைக்கிறான், அவள் கையிலிருந்து குறுவாள் நழுவி மண்ணில் குத்தி நிற்பதாக அவன் கதையில் காட்டப்படுகிறது. அது வெல்லத் தெரிந்த ஆண் என்ற அவன் சித்திரத்துக்குத் தேவையான காட்சி. வேறு எவர் வாயிலும் அது வரவில்லை.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பகுதியினர் ஆணைக் கொன்றது யார் என்பதையே கேட்டார்கள். சந்தேகத்துக்கே இடமில்லாத குற்றம் ஒன்று எல்லார் வாக்குமூலத்திலும் இருக்க, சந்தேகத்துக்குரியதை மட்டும் பேசி, உண்மை அறிய முடியாதது என்று முடித்துவிட்டார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். அவரவர்க்கு அவரவர் உண்மை என்ற வாசகம் இங்கே யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள்.

மானுடவியலாளர் கார்ல் ஹைடர் 1988-இல் ‘ராஷோமோன் விளைவு’ என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சமூகத்தைப் பற்றி இரண்டு ஆய்வாளர்கள் முரணாக எழுதுவது ஏன் என்பது அவர் கேள்வி. ஒருவர் தவறியிருக்கலாம், அவர்கள் பார்த்தது வேறு வேறு கிராமமாக இருக்கலாம், வேறு வேறு காலமாக இருக்கலாம், பார்க்கும் கோணம் வேறாக இருக்கலாம். கோணம் என்பது பல காரணங்களில் ஒன்றுதான். பொதுப்பேச்சு மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. ராஷோமோனில் நடப்பது கோண வேறுபாடே அல்ல. கண்டதை மாற்றிச் சொல்கிறார்கள்.

பார்வையாளரைக் குழப்புவதில் சினிமாவுக்கே உரிய பங்கும் உண்டு. வாயால் சொன்னால் சந்தேகிப்போம், திரையில் காட்டினால் நம்பிவிடுவோம். அதே 1950-இல் ஹிட்ச்காக் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில் ஒரு பொய்யான ஃப்ளாஷ்பேக்கை வைத்தார், ஏமாற்றிவிட்டார் என்று விமர்சகர்கள் கோபப்பட்டார்கள். குரோசாவா நான்கையும் ஒரே நிச்சயத்தோடு காட்டினார். கசுவோ மியாகாவாவின் கேமரா இலைகளுக்கு இடையே சூரியனையே நேராகப் பார்க்கிறது, எது பொய் என்று ஒளியில் எந்த அடையாளமும் வைக்கவில்லை. கண்ணால் கண்டதும் வாக்குமூலம்தான் என்பதை நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவில் ஒரு கைக்குழந்தை வருகிறது, விறகுவெட்டி அதை வளர்க்க எடுத்துக்கொண்டு போகிறான், மழை நிற்கிறது. மிகை உணர்ச்சி என்று குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடியவன், பொய் சொன்னவன் என்று தெரிந்த பிறகும் அந்தத் துறவி குழந்தையை அவனிடம் தருகிறார். ஏற்கெனவே ஆறு குழந்தைகள் என்று அவன் சொல்வதை நம்பித்தான் தருகிறார்.

படத்தை மறுபடி பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். முற்றத்தில் பேசுகிறவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் விறகுவெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு வாக்குமூலத்தையும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.