ஆதாரம் சரி, செய்தி தவறு: விளக்கக் காணொளிகளின் ஸ்கிரிப்ட் குறித்து

செய்தி விளக்கக் காணொளி ஒன்றில் திரையின் கீழ் ஓரத்தில் "ஆதாரம்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு" என்று ஒரு வரி வந்துவிட்டால், அப்போது சொல்லப்படுவதை நாம் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். ஆனால் அந்த வரி முழுக்கச் சரியாக இருந்தும், சொல்லப்படும் செய்தி தவறாக இருக்க முடியும். காரியாபட்டியில் இருக்கும் எனக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. எங்கள் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலைத் தொட்ட வழக்கே போதும்.

அர்ஜுன் கோபால் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீபாவளி நாளில் இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்பது அதில் ஒரு பகுதி. அந்த ஆண்டு தமிழகத்தில் தீபாவளி நவம்பர் 6. அதற்கு முந்தைய வாரத்தில் ஒருவர் காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னணிக் குரலுக்கு "தீபாவளி அன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே வெடிக்கலாம்" என்று எழுதுகிறார். பக்கத்தில், திரையில் காட்ட வேண்டிய ஆதாரமாக வழக்கின் பெயரையும் தேதியையும் குறிக்கிறார். சரிபார்ப்பவர் தீர்ப்பை எடுத்துப் பார்க்கிறார். வாக்கியம் அதில் இருக்கிறது. சரி என்று குறியிட்டு அனுப்பிவிடுகிறார்.

இருவரும் தங்கள் வேலையைச் செய்ததாகவே தோன்றும். ஆனால் இங்கே தீபாவளி என்பது விடியற்காலை எண்ணெய்க் குளியலும் அதைத் தொடர்ந்த வெடியும்தான். இதைச் சொல்லித் தமிழக அரசு நீதிமன்றத்தை அணுகியது. அக்டோபர் 30 அன்று, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. அரசு காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என்று அறிவித்தது. ஆக, அந்தக் காணொளியை நம்பி இரவு எட்டரை மணிக்குச் சரம் கொளுத்திய ஒருவர் விதியை மீறியவர் ஆகிறார். நேரம் மீறி வெடித்ததாக அந்த ஆண்டு தமிழகத்தில் காவல்துறை வழக்குகள் பதிவு செய்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிழை எங்கே நுழைந்தது? சரிபார்த்தவர் "இந்த வாக்கியம் மூலத்தில் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிட்டார். யாருக்குப் பொருந்தும், பிறகு மாறியதா என்ற இரண்டு கேள்விகளை விட்டுவிட்டார். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு தகவலுக்கும் கீழே குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்:

மூலம்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 23.10.2018
பொருந்தும் இடம்: நாடு முழுவதும், தமிழகத்துக்குத் தனி ஆணை உண்டா?
பின்னர் மாற்றம்: உண்டு, 30.10.2018 ஆணை, மாநில அரசு அறிவிப்பு
கடைசியாகப் பார்த்த நாள்: (வெளியிடும் நாளுக்கு முந்தைய நாள்)

இந்தக் குறிப்பை நிரப்ப முயன்றாலே குரலுக்கான வாக்கியம் மாறிவிடும். "தமிழகத்தில் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம்" என்று வரும். திரையில் காட்ட வேண்டிய ஆதாரமும் மாறும். பார்வையாளருக்கு நேரத்தைத் தீர்மானித்தது மாநில அரசின் அறிவிப்பு. எனவே தீர்ப்பின் பெயரைவிட அந்த அறிவிப்பின் பெயரும் தேதியும்தான் அங்கே வர வேண்டும்.

இன்னொரு குழப்பம் "நன்றி" என்ற சொல்லால் வருகிறது. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே கல்குவாரி ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து உயிர்கள் போயின. அந்தக் காட்சி செல்பேசிகளில் வேகமாகப் பரவியது. அதைப் பட்டாசு ஆலை விபத்து பற்றிய காணொளியில் சேர்த்து, மூலையில் "நன்றி:" என்று ஒரு தொலைக்காட்சியின் பெயரைப் போட்டால் என்ன ஆகும்? காட்சியைக் கொடுத்தவர் யார் என்பது மட்டும் தெரியும். அது எந்த இடம், எந்த நாள், குவாரியா ஆலையா என்பது தெரியாது. குவாரி வெடிமருந்து வேறு, பட்டாசு வேறு. பார்ப்பவரோ இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வார். ஆகவே காட்சிக்கு நன்றி சொல்வதோடு "காரியாபட்டி அருகே கல்குவாரி, மே 2024" என்று இடமும் நாளும் எழுத வேண்டும். குரல் சொல்லும் தகவலுக்கான ஆதாரத்தைத் தனி வரியில் தர வேண்டும்.

செல்பேசித் திரையில் இவை எல்லாம் அடங்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். வழக்கின் முழுப் பெயரையும் ஆணை எண்ணையும் காணொளியின் கீழுள்ள விவரப் பகுதிக்கு அனுப்பலாம். திரையில் மூன்று மட்டும் போதும்: வெளியிட்டது யார், எந்த ஆவணம், எந்தத் தேதி. அந்த வரி, ஒருவர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் மறையும் ஆதாரம், தேர்வுத் தாளில் விடையைக் கையால் மறைத்துக் காட்டும் மாணவனைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது.

பார்ப்பவர்களும் சோதிக்கலாம். திரையில் ஆதாரம் வரும்போது காணொளியை நிறுத்துங்கள். தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு அதே விஷயத்தில் வேறு ஆணை வந்ததா என்று தேடுங்கள். 2018 தீபாவளிக்கு அந்த இடைவெளி வெறும் ஏழு நாள்தான்.