மூக்கு ஒரு திசை, தாடை ஒரு திசை

ஷின் யாங், யூசுன் லி, சிவெய் லியு ஆகிய மூவரும் 2019இல் வெளியிட்ட கட்டுரையின் கருதுகோளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: முகம் மாற்றப்பட்ட படத்தில் மூக்கும் தாடையும் ஒரே தலைக்கு உரியவை அல்ல. முகமாற்று மென்பொருள் மூலக் காணொளியில் உள்ளவரின் தலைமுடி, காது, தாடைக் கோடு ஆகியவற்றைத் தொடுவதில்லை. புருவத்திலிருந்து வாய்வரையுள்ள நடுப்பகுதியை மட்டும் புதிதாக உருவாக்கி ஒட்டுகிறது. உருவாக்கும் நரம்புவலை சாயலையும் முகபாவத்தையும் கற்றிருக்கிறது. மண்டையோட்டின் வடிவியல் அதற்குத் தெரியாது. ஆகவே நடுமுகம் காட்டும் திருப்பமும் முழுமுகம் காட்டும் திருப்பமும் சற்றே பிசகும். பிசகு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதை அளக்க முற்படும் கட்டுரை இது. போலிமுக ஆய்வில் இந்த வரிசையைக் கடைப்பிடிப்பவை குறைவு.

அளக்கும் முறையும் எளியது. முகத்தில் வழக்கமான 68 குறிப்புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். புருவங்கள், மூக்கு, வாயின் இரு ஓரங்கள் சேர்ந்து 21 புள்ளிகள், இது நடுமுகம். இவற்றோடு தாடைக் கோட்டின் 17 புள்ளிகளைச் சேர்த்தால் 38, இது முழுமுகம். கண்களும் உதடுகளும் ஓயாமல் அசைவதால் கணக்கில் இல்லை. பிறகு ஒரு பொதுவான முப்பரிமாண முக வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதை எந்தக் கோணத்தில் திருப்பி எங்கே நிறுத்தினால் அதன் புள்ளிகள் படத்திலுள்ள புள்ளிகள்மீது பொருந்தும் என்று கணக்கிடுகிறார்கள். நடுமுகத்துக்கு ஒரு விடை, முழுமுகத்துக்கு ஒரு விடை. இரண்டின் வேறுபாட்டைக் கொண்டு ஓர் எஸ்.வி.எம். வகைப்படுத்தி தீர்ப்புச் சொல்கிறது.

தர்க்கம் கச்சிதமானது, அளவை அத்தனை உறுதியானதல்ல. முழுமுகத்தின் 38 புள்ளிகளில் 21 இரு பக்கத்துக்கும் பொது. வேறுபாட்டைத் தாங்குபவை தாடையின் 17 புள்ளிகள் மட்டுமே. முகக் குறிப்புள்ளிகளிலேயே நிலையற்றவையும் அவைதாம். மூக்கு நுனிக்குத் திட்டமான இடம் உண்டு. தாடைக் கோட்டில் ஒரு புள்ளி கொஞ்சம் மேலே நழுவினாலும் கீழே நழுவினாலும் தவறென்று காட்ட எதுவும் இல்லை. தாடி, நிழல், பக்கவாட்டுப் பார்வை எதுவானாலும் முதலில் அசைவது இந்தப் புள்ளிகள்தாம். மேலும், ஒப்பிடப் பயன்படும் முப்பரிமாண முகம் எவருடையதும் அல்ல. நீண்ட தாடை கொண்ட ஒருவரின் அசல் முகத்திலும் அது கொஞ்சம் பிசகைக் காட்டத்தான் செய்யும்.

கட்டுரையின் சொந்த எண்களே இதற்குச் சாட்சி. முகம் நோக்கும் திசைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கோசைன் தொலைவில் அளந்தபோது, அசல் முகங்கள் 0.02 வரையிலும், போலிகளில் பெரும்பாலானவை 0.02 முதல் 0.08 வரையிலும் விழுந்தன. கோணமாக மாற்றினால் 0.02 என்பது ஏறத்தாழ 11 பாகை, 0.08 என்பது 23 பாகை. ஐயமற்ற அசல் முகத்திலேயே 11 பாகை வரை பிசகு வரக்கூடுமானால், அதற்கும் குறைவாகப் பிசகும் போலியை இக்கருவியால் பிரித்தறிய முடியாது. 2018இன் மென்பொருள்கள் அதைவிட அதிகமாகப் பிசகின. முறையின் வெற்றி பெரிதும் அதிலிருந்து வந்தது.

சோதனைப் பரப்பும் சிறியது. 49 அசல், 49 போலிக் காணொளிகள்; அவற்றில் பயிற்சிக்கு 35 இணை, சோதனைக்கு 14 இணை. ஒரே காணொளியின் ஃபிரேம்கள் இருபுறமும் கலந்துவிடாமல் பிரித்தது நேர்மையான செயல். அந்நாளில் எல்லோரும் அதைச் செய்யவில்லை. கிடைத்த ஏ.யு.சி. 0.89. போலி ஒன்றையும் அசல் ஒன்றையும் எடுத்து நிறுத்தினால், நூற்றில் 89 முறை போலிக்கு அதிக ஐய மதிப்பெண் கிடைக்கும் என்று இதற்குப் பொருள். ஆனால் 14 போலி, 14 அசல் என்றால் காணொளி அளவில் ஒப்பிடத்தக்க இணைகள் 196 மட்டுமே. ஒரே ஒரு காணொளி முற்றிலும் தவறாக மதிப்பிடப்பட்டால் 14 இணைகள் புரண்டுவிடும். ஏ.யு.சி.யில் 0.07 போய்விடும். இந்த அடித்தளத்தின்மேல் இரண்டு தசமங்களுக்கு நான் அதிக எடை கொடுக்கமாட்டேன்.

முறையின் எல்லையை நிறுவியவர்களும் அதே குழுவினர்தாம். 2020இல் யூசுன் லி, லியு முதலியோர் செலப்-டிஎஃப் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள்: 590 அசல், 5,639 போலிக் காணொளிகள். உருவாக்கும் முகத்தின் அளவை 256 பிக்ஸலாக உயர்த்தினார்கள், நிறத்தை இசைவித்தார்கள், ஒட்டும் எல்லையைத் திருத்தினார்கள், புள்ளிகளின் நடுக்கத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் மட்டுப்படுத்தினார்கள். அதில் தங்கள் பழைய முறையையே ஓட்டிப் பார்த்து 0.546 என்று அச்சிட்டார்கள். நாணயம் சுண்டினால் 0.5. ஃபேஸ்ஃபோரென்சிக்ஸ்++ தொகுப்பில் வந்ததோ 0.473. சொந்த முறையின் வீழ்ச்சியைச் சொந்த அட்டவணையில் ஏற்றுவது ஆய்வறத்தின் உயர்ந்த வடிவம். ஆனாலும் முறை வீழ்ந்ததுதான்.

போலிமுகத்தைப் பிடிக்கும் மற்றொரு வழியான அலைவெண் பகுப்பாய்வு இந்தத் தலைத்திருப்ப முறைக்கு நேரெதிரான தராசு. படத்தை ஃபோரியர் அலைகளாகப் பிரித்து, மையத்திலிருந்து ஒவ்வொரு வளையத்திலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று சராசரி எடுத்தால் ஒற்றை வளைகோடு கிடைக்கும். அசல் படங்களில் அது சீராக இறங்கும். சிறிய படத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கிச் செல்லும் நரம்புவலையின் படத்திலோ வால்பகுதி பிறழும். ரிகார்ட் துரால் குழுவினர் இந்த வளைகோட்டை மட்டுமே கொண்டு, முழுக்கச் செயற்கையாக உருவான உயர்தர முகங்களை 100 விழுக்காடு பிரித்துக் காட்டினார்கள். வெறும் 20 மாதிரிகளில் பயிற்சி கொடுத்தும் முடிந்தது. இந்த எண் என்னை மகிழ்விப்பதைவிட எச்சரிக்கவே செய்கிறது. அசலும் போலியும் வேறுவேறு தொகுப்புகளிலிருந்து வரும்போது, அவை சேமிக்கப்பட்ட விதத்தில் உள்ள வேறுபாடும் அதே வளைகோட்டில் பதியும். கெஷிகேயன் சந்திரசேகரன் முதலியோர் 2021இல் காட்டியது இன்னும் கூர்மையானது: வலையின் கடைசிப் பெரிதாக்கும் படியை மாற்றினாலே அந்த வால் நிமிர்ந்துவிடுகிறது.

அந்த 100 விழுக்காடு முழுச் செயற்கை முகங்களுக்கானது. மாற்றிய முகத்துக்கு அதைப் பெயர்த்தால் நிலைக்குமா? ஃபிரேமில் முகம் 200 பிக்ஸல் உயரம் என்று கொள்வோம். போலி முகம் 64 பிக்ஸலில் உருவாகி மும்மடங்கு விரிந்திருந்தால், அதில் இருக்கக்கூடிய நுண்விவரம் உச்ச அலைவெண்ணில் மூன்றிலொரு பங்கோடு நின்றுவிடும். தலைமுடியிலும் கழுத்திலும் மென்மணல் போன்ற இரைச்சல் இருக்க, கன்னம் மட்டும் மெழுகியதுபோல் இருக்கும். முகத்தையும் கழுத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். முழு ஃபிரேமையும் ஒரே வளைகோடாக்கினால் பின்னணி அதை மூழ்கடித்துவிடும். ஆனால் முகம் 256 பிக்ஸலில் உருவாகி 200ஆகச் சுருங்கியிருந்தால், பெரிதாக்கலின் தடம் பதிந்திருந்த உச்சப் பட்டையே வெட்டுண்டு போகிறது. மிஞ்சியதைக் காணொளிச் சுருக்கம் அழித்துவிடும்; ஒவ்வொரு பகிர்விலும் இன்னும் அழியும். எதிர்ப்பக்கத்தில், அழகூட்டும் வடிகட்டி போட்ட அசல் முகமும் மெழுகிய கன்னத்தோடுதான் வரும்.

ஆக, தலைத்திருப்பத்துக்குக் காரணம் வலிது, அளவை நலிந்தது. அலைவெண்ணுக்கு அளவை வலிது, அது அளக்கும் பொருள் நிலையற்றது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடு என்றால் நான் தலைத்திருப்பத்தின் பக்கமே நிற்பேன். புள்ளிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எது பிசகியது என்று எதிர்த்தரப்பும் சரிபார்க்கலாம். மிதமான சுருக்கம் வடிவியலைக் கலைப்பதில்லை. அதன் பெரிய குறையும் திருத்தத்தக்கது. பொது முகத்துக்குப் பதில் அதே நபரின் ஐயமற்ற காணொளிகளிலிருந்து முப்பரிமாண வடிவத்தையும் இயல்பான பிசகையும் முன்கூட்டி அளந்துகொண்டால், 11 பாகை என்ற அந்த இருள் பரப்பு சுருங்கக்கூடும். ஸ்ருதி அகர்வால், ஹானி ஃபரீத் குழுவினர் 2019இல் ஒவ்வொரு தலைவருக்கும் தனித்தனியே தலையசைவு, முகபாவப் பழக்கங்களின் மாதிரி வகுத்தது இதே திசையில் எடுத்த அடி. பலரும் பார்த்த முகங்களுக்குத்தான் அது கைகூடும் என்பது அதன் விலை.

அதுவரை இம்முறையின் முடிவை ஒருபக்கமாக மட்டுமே படிக்க வேண்டும். தெளிவான, நேர்முகமான, பல ஃபிரேம்களில் தொடரும் பெரிய பிசகு போலிக்கான சான்றாக ஏற்கத்தக்கது. பிசகு சிறிது என்பதால் படம் அசல் என்று ஓர் ஆய்வறிக்கை எழுதுமானால், அந்த வரியை அடித்துவிட வேண்டும்.