நழுவாத மீசை

2024-இல் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில், முந்தைய ஆண்டு மறைந்த மதுரைக்காரர் விஜயகாந்தின் முகத்தைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு திரைக்குக் கொண்டுவந்தார்கள். இப்படி முகம் மாற்றும் வேலையில் நான் ரசிப்பது, மீசையை அதன் இடத்திலேயே நிறுத்தும் நுட்பத்தை.

ஒவ்வொரு ஃபிரேமிலும் தனித்தனியாக முகத்தை மாற்றினால் மீசை துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் 1, 13 போன்ற கீஃபிரேம்களில் மட்டும் மாற்றிவிட்டு, நடுவில் உள்ளவற்றை ஆப்டிகல் ஃப்ளோவிடம் விடலாம். அசல் காட்சியில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த ஃபிரேமில் எங்கே நகர்கிறது என்று அது கணிக்கும். புதிய முகம் அந்த நகர்வைப் பின்தொடரும்.

இந்தக் கணிப்பில் வரும் பிழை சிறிதுதான். ஆனால் ஃபிரேமுக்கு 0.1 பிக்சல் ஒரே பக்கமாக விலகினாலும், 12 நகர்வுகளில் 1.2 பிக்சல் சேர்ந்துவிடும். காட்சி ஓடும்போது இது கண்ணில் படாது. ஆனால் 13-இல் புதிய கீஃபிரேம் வந்ததும் மீசை வெடுக்கென்று குதிக்கும்.

இதற்கான திருத்தம் எவ்வளவு அழகு! 1-இலிருந்து முன்னோக்கியும் 13-இலிருந்து பின்னோக்கியும் முகத்தைக் கொண்டுவந்து கலக்கிறார்கள். 4-ஆம் ஃபிரேமில் முன்னதற்கு முக்கால் பங்கு, பின்னதற்குக் கால் பங்கு. குதிப்பு 12 ஃபிரேம்களிலும் கரைந்துபோகும். இரண்டும் வெகுவாக விலகியிருந்தால் மீசை இரட்டையாகத் தெரியும். அங்கே நடுவில் இன்னொரு கீஃபிரேம் வைத்தே ஆக வேண்டும்.

முகத்தைக் கை மறைத்தால் கணிப்பே பொய்க்கும். ஒரு புள்ளியை அடுத்த ஃபிரேமுக்கு அனுப்பி, திரும்ப அழைத்துப் பார்க்கிறார்கள். புறப்பட்ட இடத்துக்கு அது வராவிட்டால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு, கையை அசல் காட்சியிலிருந்தே எடுத்து மேலே வைக்கிறார்கள்.