பெயருக்குள் ஒளிந்த எண்

சங்கராபரணம் என்றால் சங்கரனின் அணிகலன். கல்யாணி என்றால் மங்களமானவள். இரண்டும் பழைய பெயர்கள். 72 மேளகர்த்தா ராகங்களை வரிசைப்படுத்தியபோது இவற்றின் முன்னால் ‘தீர’, ‘மேச’ என்ற ஒட்டுகள் சேர்ந்தன. தீரனுக்கும் மேசகத்தின் கருமைக்கும் ராகத்தோடு என்ன உறவு? எதுவுமில்லை. அவை எண்ணுக்காக வந்தவை.

கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண் உண்டு. ‘ம’ பவர்க்கத்தில் ஐந்தாவது, ‘ச’ கவர்க்கம் தொட்டு எண்ணினால் ஆறாவது. 5, 6 என வருவதைத் திருப்பினால் 65. கல்யாணி 65ஆவது மேளம்.

‘தீர’வில்தான் தமிழ் எழுத்து காலை வாரிவிடும். நம் ‘த’வை முதல் எழுத்தாகக் கொண்டால் 6, ‘ர’ 2, திருப்பினால் 26, அதாவது சாருகேசி! வடமொழியில் அது தவர்க்கத்தின் நான்காம் எழுத்து, மதிப்பு 9. எனவே 29. அதோடு 36ஐக் கூட்டினால் கல்யாணியின் 65. இரண்டுக்கும் மத்யமம் மட்டுமே வேறு என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது.

சக்ரவாகத்தில் ‘க்ர’ வரும்போது ‘க’வையே எண்ண வேண்டும், ‘ர’வை எடுத்தால் 16க்குப் பதில் மறுபடியும் சாருகேசிதான்.