பார்க்காததற்குப் பூஜ்யமா?

வணிகக் கட்டடம் வாங்குவோருக்கான தொழில்நுட்ப ஆய்வறிக்கைகளில் முதல் பக்கத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்களும் பத்தாண்டுப் பழுதுச் செலவு அட்டவணையும் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. விலை பேசுகிறவருக்கு இருநூறு பக்கம் படிக்க நேரமில்லை என்று இதை ஆதரிக்கிறார்கள். லிஃப்ட், ஏ.சி., ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு இந்த முறை நன்றாகவே உதவுகிறது. அவற்றின் வயதும் பராமரிப்புப் பதிவும் கையில் கிடைக்கும். தள்ளிப்போட்ட வேலைக்கு விலை போடலாம். கான்கிரீட்டுக்கு வரும்போதுதான் அட்டவணை வாங்குபவரை ஏமாற்றுகிறது.

சென்னையில் 25 ஆண்டு பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளத்தின் அடிப்பகுதியை ஃபால்ஸ் சீலிங் மறைக்கிறது. 'கண்ணுக்குத் தெரிந்தவரை விரிசல் இல்லை' என்று எழுதிப் பச்சை கொடுக்கிறார்கள், செலவுக் கட்டத்தில் பூஜ்யம். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தை வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அந்த ஆழம் ஆண்டுகளின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். முதல் ஆண்டில் 4 மில்லிமீட்டர் என்று கொண்டால் 25 ஆண்டில் 20 மில்லிமீட்டர். தளக் கம்பிக்கு வழக்கமாக விடும் கவரும் ஏறக்குறைய அவ்வளவுதான். காப்பு போன பிறகும் உலர்ந்த அறையில் துரு மெதுவாகத்தான் ஏறும். கழிப்பறைக் கசிவு நனைக்கும் இடத்திலோ வேகம் பிடிக்கும். துரு பருத்துக் கவரைத் தள்ளிய பிறகே விரிசல் வெளியே தெரியும். அதாவது, கண்ணால் பார்க்கும் ஆய்வு நோயின் கடைசிக் கட்டத்தை மட்டுமே பிடிக்கிறது. வாங்குபவருக்கு முக்கியமான கட்டம் அதற்கு முந்தியது.

இந்த வரம்பு பின்னிணைப்பில் சொல்லப்பட்டிருக்கிறது, விற்பவர் உடைக்க விடமாட்டார், பலர் பின்பற்றும் அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். இ 2018-கூட நடந்து பார்ப்பதைத்தானே அடிப்படையாகக் கொள்கிறது என்று ஆய்வாளர்கள் பதில் சொல்வார்கள். வரம்பைச் சொல்வது நேர்மைதான். ஆனால் பின்னிணைப்பில் 'பார்க்கவில்லை' என்று இருப்பது முதல் பக்கத்துக்கு வரும்போது 'பழுதில்லை' ஆகிவிடுகிறது. விலையைத் தீர்மானிப்பது முதல் பக்கம்தான். கழிப்பறைகளுக்குக் கீழே நாலைந்து சீலிங் பலகைகளைக் கழற்றுவதில் எதுவும் உடையாது. கசிவுக் கறை இருக்கும் இடத்தில் கவரைச் சற்றே கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறமில்லாத பகுதி கம்பியைத் தொட்டுவிட்டதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடல் உப்பு இருக்குமிடத்தில் மட்டும் இது போதாது. காரம் குறையாமலே உப்பு கம்பியை அரிக்கும் என்பதால் குளோரைடு சோதனையும் வேண்டும்.

விற்பவர் இதற்கும் மறுத்தால், அந்த மறுப்பையே அட்டவணையில் எழுத வேண்டும். பச்சைக்குப் பதிலாக 'திறந்து பார்க்க அனுமதி இல்லை' என்று போட்டு, பூஜ்யம் இருந்த இடத்தில் கசிவுப் பரப்பை வைத்துக் கணக்கிட்ட குறைந்தபட்ச, அதிகபட்சப் பழுதுத் தொகையைக் கொடுக்கட்டும். அந்த அதிகபட்சத்தை விலையில் நிறுத்தி வைப்பதா, கட்டடம் கைமாறியதும் திறந்து பார்த்துத் தீர்ப்பதா என்பதை இரு தரப்பும் பேசிக்கொள்ளலாம்.