பிரிவின் பொழுது: குவைத்துத் தொழிலாளர் சிறுகதை ஒன்றில் காலமும் கூற்றும்

ஆய்வுச் சுருக்கம்

குவைத்தில் சாரம் கட்டும் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி ஒருவர், தீபாவளிக்கு முந்திய இரவைத் தம் வாய்மொழியாகச் சொல்வதாக அமைந்த சிறுகதை இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும். ஆசிரியர் பெயரும் தலைப்பும் இன்றி எழுதப்பட்ட இக்கதை அச்சில் மூன்று பக்கங்களுக்கு மேல் நீளாது. வளைகுடாக் கதைகளை, அவற்றில் மணல் இருப்பதனாலேயே, புதிய பாலைத்திணையாகக் கொள்ளும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் காலம், களன், கூற்று, கேட்போர், எச்சம் ஆகியவற்றைக் கொண்டு நோக்கும்போது, இக்கதையின் பிரிவுத்துயர் நிலத்தில் அன்றிப் பொழுதில் நிகழ்வது புலனாகிறது.

திறவுச்சொற்கள்: வளைகுடாச் சிறுகதை, பிரிவு, காலம், கூற்று, கேட்போர், எச்சம்

முன்னுரை

வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தமிழர் வாழ்வைப் பேசும் புனைவுகளை ஆராய்வோர் அவற்றைப் பாலைத்திணையோடு பொருத்திக் காட்டுவது இயல்பாகிவிட்டது. பொருள்வயிற் பிரிவு, வெம்மை, மணல்வெளி ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைப்பதால் இப்பொருத்தம் எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் நிலம் ஒன்றே திணையைத் தீர்மானிப்பதில்லை. தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. நடுவில் நிற்கும் அத்திணை நீங்கலாகவே நிலங்களைப் பகுக்கிறார். முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்னும் விளக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. ஆகவே ஒரு கதை பாலைவன நாட்டில் நடக்கிறது என்பதைக் கொண்டு அதனைப் பாலை எனல் சான்றாகாது.

பென்யாமினின் மலையாள நாவலான ‘ஆடுஜீவிதம்’ (2008) போன்ற படைப்பில் பாலைவெளியே மனிதனைச் சிறைவைக்கிறது. அங்கு நிலத்தை விலக்கினால் கதை இல்லை. இங்கு ஆராயப்படும் சிறுகதையிலோ இறுதிப் பத்தி தவிர எங்கும் பாலைவனம் இல்லை. எட்டுப் பேர் தங்கும் ஓர் அறை, இரண்டடுக்குக் கட்டில், கழிப்பறை வரிசை, கம்பெனிப் பேருந்து ஆகியவையே களன். எனில் துயரை உண்டாக்குவது எது என்னும் வினா எழுகிறது.

1. காலம்: இரண்டரை மணி நேரம்

தமிழகத்துத் தீபாவளி இரவுப் பண்டிகை அன்று. வைகறைக்கு முன் எழுந்து எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்துவதே அதன் தலையாய சடங்கு. அவ்வாறிருக்க இக்கதை ஏன் இரவில் நிகழ்கிறது? குவைத்து நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் விடியற்காலை 4 மணிக்கு அடுப்பில் வெந்நீர் கொதிக்கும்போது குவைத்தில் நள்ளிரவு கடந்து 1.30 ஆகிறது. கதை தொடங்குவது அந்நேரத்தில்தான். கதைசொல்லி போர்வைக்குள் கைப்பேசியை ஒளித்துக் காணொலி அழைப்பில் வீட்டைக் காண்கிறார். ஊரின் வைகறை அவருக்கு நள்ளிரவாக வந்து சேர்கிறது. ‘பண்டிகை இரவு’ என ஒன்று அவ்வீட்டில் இல்லை. அது பிரிந்தவருக்கு மட்டுமே உரிய பொழுது.

கதையின் இரண்டாம் நிகழ்வும் இக்கணக்கின்படியே அமைகிறது. ஊரில் காலை 6 மணிக்குப் பட்டாசு தொடங்குகிறது. அதுவரை காத்திருக்குமாறு மகனிடம் தாய் சொல்வது அழைப்பில் கேட்கிறது. கதையில் ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை. எனினும், உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின்னரே தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் வகுத்தது. எனவே கதை நிகழும் காலம் அதற்குப் பிற்பட்டதெனக் கொள்ளலாம். ஊரில் 6 மணி என்பது குவைத்தில் 3.30. அப்போது கதைசொல்லி கையில் வாளியுடன் கழிப்பறை வரிசையில் நிற்கிறார். 4.30க்குப் பேருந்து. தீபாவளி குவைத்தில் பொது விடுமுறை அன்று. மகன் முதல் வெடியைக் கொளுத்தும் ஓசையை அவர் வரிசையில் நின்றவாறே கேட்கிறார்.

பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல், யாமம் குறிஞ்சிக்குரியது. கூடலுக்குரிய பொழுதில் பிரிவை நிகழ்த்துவதால் இக்கதை திணை மயக்கமாகிறது. நிலம் மயங்குதலை விலக்கி, பொழுது மயங்குதலைத் தொல்காப்பியர் ஏற்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. கதைசொல்லியும் மனைவியும் நள்ளிரவில் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். ஆயின் அவளுக்கு அது நள்ளிரவு அன்று. ஒரே கணத்தில் இருவருக்கும் இரு வேறு பொழுதுகள் என்பதே இங்குப் பிரிவின் வடிவம்.

2. களன்: சட்டையும் கட்டிலும்

அழைப்புக்கு முன் கதைசொல்லி செய்யும் செயல் ஒன்று கதையின் மையமாகிறது. விடுமுறை முடிந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் வழியாக மனைவி புதுச்சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறாள். கழுத்துப் பட்டையின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தே அனுப்பியிருக்கிறாள். சடங்கின் ஒரு பாதி இரு மாதங்களுக்கு முன்பே, பண்டிகை வருமுன், ஊரில் முடிந்துவிட்டது. மறு பாதியை அவர் 1.30 மணிக்குப் போர்வைக்குள் நிறைவேற்றுகிறார். நீராடாமலே சட்டையை அணிகிறார். 3.30க்கு அதைக் கழற்றி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து, வேலைக்குரிய கவராலை மாட்டுகிறார். இரண்டு மணி நேரமே நீடிக்கும் புத்தாடை அது.

குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளர் மனைவி மக்களை அழைத்துவரும் விசாவுக்குத் தகுதி பெறுவதில்லை. கடல்வழிப் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்னும் தொல்காப்பிய மரபு இன்று ஊதிய வரம்பாக மாறியிருக்கிறது எனலாம். இதனைக் கதை விளக்கிச் சொல்வதில்லை. திரையில் தெரியும் புடவையையும் பட்டாசுப் பெட்டியையும் கண்டு, அவற்றின் விலையைக் கதைசொல்லி மனத்துக்குள் தினாரில் எண்ணுவதாக மட்டும் காட்டுகிறது. வீட்டில் பண்டிகை நடப்பதற்கு அவர் அங்கு இல்லாதிருப்பதே முதலாகிறது. அந்தக் கணக்கில் வருத்தமும் பெருமிதமும் பிரிக்க முடியாதவாறு கலந்து நிற்கின்றன.

3. கூற்றும் கேட்போரும்: இரண்டு சொற்கோவைகள்

இடைச்சுரத்தில் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவது அகமரபில் அறியப்பட்ட கூற்று. அங்குக் கேட்போர் நெஞ்சம் ஒன்றே. மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. இக்கதையில் கேட்போர் இருவகையினர். அழைப்பின் மறுமுனையில் மனைவியும் தாயும் இருக்கின்றனர். அழைப்புக்கு வெளியே வாசகர் இருக்கிறார். குளித்தாயிற்றா எனத் தாய் கேட்க, ஆயிற்று என்கிறார். லீவா என மனைவி கேட்க, லீவுதான் என்கிறார். அறை ஏன் இருட்டாக இருக்கிறது என்னும் வினாவுக்கு மட்டும், மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்னும் உண்மையான விடை வருகிறது. பொய்களுக்கு நடுவே வரும் அந்த ஓர் உண்மையே மனைவியைச் சற்று நேரம் பேசாதிருக்கச் செய்கிறது. எல்லோரும் உறங்கும் அறையில் லீவு எப்படிக் கொண்டாடப்படும் என்று அவள் எண்ணியிருக்கக்கூடும். கதை அதைச் சொல்லாமல் விடுகிறது. சொல்லாலும் குறிப்பாலும் கேட்போர் நிறைவு செய்துகொள்ளுமாறு விடப்படும் எச்சம் இதுவே.

சொல்லாட்சியிலும் இவ்வேறுபாடு உறுதிப்படுகிறது. அழைப்பில் பேசும் பகுதிகளில் ஊர்ச்சொற்களே வருகின்றன: இட்லி, கறிக்குழம்பு, வெந்நீர், அதிரசம். வாசகரிடம் சொல்லும் பகுதிகளில் கேம்ப், சைட், குப்பூஸ், இக்காமா, கபீல் என்னும் சொற்கள் விளக்கமின்றி வருகின்றன. காலையில் என்ன சாப்பாடு என்று மனைவி கேட்கும்போது அவர் இட்லி என்கிறார். அடுத்த வரியில் வாசகரிடம், பையிலுள்ள குப்பூஸை எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார். முகாம்ச் சொற்கள் விளக்கப்படாமையால் ஒன்று தெளிவாகிறது. இக்கதை கருதும் வாசகர் தமிழகத்தில் இருப்பவர் அல்லர். அதே கட்டிலில் படுத்தெழும் இன்னொரு தொழிலாளியே. வீட்டாருக்குச் சொல்ல இயலாததைச் சக தொழிலாளிக்குச் சொல்வதே இக்கூற்றின் பயன். ஆசிரியர் பெயரை மறைத்தமையும் இதனோடு பொருந்துகிறது. பெயர் வெளிப்பட்டால் கதை கம்பெனிக்கு மட்டுமன்றி மனைவிக்கும் எட்டிவிடும்.

4. கதையின் குறைகள்

இக்கதையில் இரண்டு இடங்கள் நெருடுகின்றன. முதலாவது, கீழ்க்கட்டிலில் படுத்திருக்கும் நேபாளத் தொழிலாளி. அழைப்பின் ஒளி பட்டு விழித்த அவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். கதையின் மிக நுட்பமான செயல்களுள் ஒன்று அது. எனினும் கதைசொல்லி அவரை ‘நேபாளி’ என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறார். நேபாளத்தின் திஹார் பண்டிகையும் அதே நாட்களில்தான் வருகிறது. ஐந்து நாள் நீளும் அப்பண்டிகையின் நிறைவில் உடன்பிறந்தாள் சகோதரனுக்குத் திலகமிடுவாள். நேபாள நேரமோ குவைத்து நேரத்துக்கு இரண்டே முக்கால் மணி முந்தியது. தம் பிரிவின் கணக்கை மணித்துளி பிசகாமல் அறிந்த கதைசொல்லி, ஓரடி கீழே கிடக்கும் இன்னொரு பிரிவை அறியவில்லை. இதனைக் கதைசொல்லியின் குறையாகக் காட்ட ஆசிரியர் எண்ணினார் எனக் கொள்ளப் பனுவலில் சான்று இல்லை.

இரண்டாவது, இறுதிப் பத்தி. பேருந்து புறப்பட்டபின் கதைசொல்லி சன்னல் வழியே பாலைவனத்தைப் பார்த்து, தம் வாழ்வும் இவ்வாறே வறண்டது எனப் புலம்புகிறார். அதுவரை பொழுதாலும் சட்டையாலும் பேசிய கதை, இவ்விடத்தில் எவரும் சொல்லக்கூடிய உவமையிடம் சரணடைகிறது. இதற்கு முந்தைய பத்தியில், சைட்டில் ஏறுமுன் வியர்வையைத் துடைக்கும் தம் கையில் மஞ்சள் ஒட்டியிருக்கும் என அவர் எண்ணிக்கொள்கிறார். கதை அவ்விடத்தில் முடிந்திருந்தால் மஞ்சளே எச்சமாக நின்றிருக்கும். பாலைவனத்தை அழைத்துவந்த அப்பத்தி, வளைகுடாக் கதை என்றால் மணல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்புக்கு ஆசிரியரும் பணிந்ததைக் காட்டுகிறது. ஆய்வாளர் இத்தகைய கதைகளில் பாலை நிலத்தையே தேடிக்கொண்டிருப்பதும் அவ்வெதிர்பார்ப்பை வளர்த்திருக்கக்கூடும்.

முடிவுரை

இச்சிறுகதையைப் பாலைத்திணைக் கதை எனல் தவறன்று. பிரிவு அதன் உரிப்பொருளே. ஆனால் அப்பெயர் மணலால் வருவதன்று. ஊரின் வைகறையும் முகாமின் நள்ளிரவும் ஒரே கணத்தில் சந்திக்கும் இரண்டரை மணி இடைவெளியில் பிரிவு நிகழ்கிறது. வீட்டாருக்கு ஒரு சொற்கோவை, சக தொழிலாளிக்கு மற்றொன்று எனக் கூற்று இரண்டாகப் பிளவுபடுவதில் அது வெளிப்படுகிறது. வளைகுடாத் தொழிலாளர் புனைவுகளை ஆராய்வோர் நிலத்துக்கு முன் பொழுதையும், துயரின் அளவுக்கு முன் அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் நோக்குவது பயன்தரும். போர்வைக்குள் இரண்டு மணி நேரம் மட்டும் அணியப்பட்ட புதுச்சட்டை, இறுதிப் பத்தியின் பாலைவனத்தைவிட அதிகமாகப் பேசுகிறது.